கம்பம் தெரியாத கொடி

பெரியவளுக்குத் தூக்கம் என்பது பேருந்தில்தான். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கம்பியில் தலையைச் சாய்த்துவிடுவாள். இடம் கிடைக்காவிட்டால் மேலே தொங்கும் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும் யாரோ தட்டி எழுப்பினாற்போல் கண் தானாகத் திறந்துகொள்ளும். ஒரு நாளும் அவள் நிறுத்தத்தைத் தவறவிட்டதில்லை. "கண்ணை மூடிக்கிட்டே எல்லாத்தையும் பார்க்கிற பொம்பளை" என்று கண்டக்டர் ஒரு தடவை சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவன் மனைவியைப் பெரியவள் என்றும் இளையவன் மனைவியைச் சின்னவள் என்றும் மாமனார் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கும் அதுவே பழகிவிட்டது. பிறகு மாமனாருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. நாக்கும் குழறியது. இப்போது அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து "ஆ" என்று ஒரே சத்தம்தான். அந்தச் சத்தத்துக்கு விடிகாலையில் எழுந்து ஓடுகிறவள் பெரியவள். துணி மாற்றி, துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சியை ஊட்டிவிட்டு அவள் கிளம்பும்போது எதிர் வீட்டு அம்மாள் வந்து கட்டிலுக்கு அருகே உட்காருவாள். சின்னவளுக்கு முதல் ஷிப்ட் என்பதால் அவள் அதற்கு முன்பே போயிருப்பாள். சாயங்காலம் சின்னவள் முறை. சின்னவளின் கணவன் லாரி ஓட்டுகிறான். வந்தால் வந்தான், வராவிட்டால் போன் வரும். பெரியவளின் கணவன் வீட்டில்தான் இருப்பான். ஆனால் அப்பாவின் அறைக்குள் போனால் அவனுக்கு மயக்கம் வரும். அது ஒரு விசித்திரமான மயக்கம். டீக்கடையில் வராது.

இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை. டயர் கடைக்கு மேலே, மாடியில், ஒரு நீளமான அறை. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம், மேலே மௌஸ் தட்டும் சத்தம். திரையில் ஒரு படம் வரும். படத்தில் எங்கோ ஒரு கொடி இருக்கும், அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டிருக்கும். அந்தக் கொடி எந்த நாட்டுடையது என்று பார்த்துப் பெயரைத் தட்ட வேண்டும். படம் பார்த்துப் பேர் சொல்லக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கிறார்களாம். கொடி ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்தால் யாருக்கும் கஷ்டமில்லை. ஆனால் வருகிற கொடிகள் எல்லாம் பையில் ஒட்டிய ஸ்டிக்கர், தொப்பியில் தைத்த துண்டு, காற்றில்லாமல் துவண்டு தொங்கும் துணி, யாருடைய தோளுக்கோ பின்னால் எட்டிப் பார்க்கும் ஒரு மூலை.

பெரியவள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, ஏற்றுமதி பனியன் கம்பெனியில் தையல் பிரித்துப் பார்க்கும் மேசையில் பல வருஷம் நின்றவள். கம்பெனியை மூடிய பிறகு இங்கே வந்தாள். உலக வரைபடத்தில் எந்த நாடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் முழிப்பாள். ஆனால் கொடியைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு நாடுகள் எல்லாம் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டன. இந்தோனேசியாவும் மொனாக்கோவும் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. மொனாக்கோ கொஞ்சம் குட்டை, சதுரத்துக்குப் பக்கத்தில் வரும். நாலு ஓரமும் தெரிந்தால்தான் அதைச் சொல்லலாம், ஒரு ஓரம் மறைந்தால் போச்சு. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் மட்டும் தெரிந்தால் அவசரப்பட்டு அமெரிக்கா என்று தட்டக்கூடாது. கடைசிக் கோட்டைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்கும் லைபீரியாவுக்கும் அடிக்கோடு சிவப்பில் முடியும், மலேசியாவுக்கு வெள்ளையில் முடியும். சாடு, ருமேனியா இரண்டும் வந்தால் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். நீலம், மஞ்சள், சிவப்பு. நீலத்தில் ஒரு பொட்டு வித்தியாசம். வெயிலில் எடுத்த படத்தில் அந்த வித்தியாசத்தைக் கடவுளாலும் காட்ட முடியாது.

அதற்குத்தான் பெயர்களின் வரிசைக்கு அடியில் 'சொல்ல முடியாது' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். படத்தில் எதுவுமே தீர்த்து வைக்காதபோது அதைத் தட்டினால் சரி. படத்தில் விடை இருக்கும்போது அதைத் தட்டினால் தப்பு. ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். இரண்டு பேரும் வேறு வேறு சொன்னால் அது பெரியவளின் திரைக்கு வரும். அவள் சொல்வது முடிவு.

அன்றைக்குச் சூப்பர்வைசர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மெதுவாகப் பேசுகிற மனிதர். கெட்ட செய்தி என்றால் இன்னும் மெதுவாகப் பேசுவார்.

"உங்க ஓரகத்திக்கு இந்த வாரம் சரியில்லம்மா. சாடு, ருமேனியா படத்துல எல்லாம் மனசுக்குத் தோணினதை அடிச்சு வெச்சிருக்காங்க. பாஸ் மார்க் கோட்டுக்கு மேல ஒரு நூல் அளவுலதான் நிக்கிறாங்க."

"கீழ போனா?"

"தெரிஞ்சதுதானே. வெளியதான். அப்புறம் புது ஆளுங்களோட சேர்ந்து திரும்பப் பரீட்சை எழுதி வரணும். அது எப்ப வைப்பாங்கன்னு எனக்கே தெரியாது." அவர் இருமிக்கொண்டார். "ஒரே ஒரு படம்தான் பாக்கி. அது உங்ககிட்ட இருக்கு. வேற செக்கர் லீவு. நீங்களே பார்த்து முடிச்சிடுங்க. வீட்டு வெவகாரத்தை இதுல கலக்காதீங்க, அவ்வளவுதான்."

"கலக்கறதுக்கு என்ன சார் இருக்கு, குழம்பா?" என்றாள் பெரியவள். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

ஆனால் வீட்டு விவகாரம் காலையிலேயே கலந்துவிட்டிருந்தது. அவள் மாமனாரின் துணியை அலசிக்கொண்டிருந்தபோது கணவன் பல் குச்சியோடு வந்து நின்று சொன்னான். "சின்னவளுக்கு வேலை ஆட்டம் காணுதாமே. போனா போகட்டும்னு விடு. அவ வீட்டுல இருந்தா அப்பாவைப் பார்த்துப்பா. நீயும் நாலு நாள் விடிஞ்சப்புறம் எழுந்திருக்கலாம்."

அவள் துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். பதில் சொல்லாததற்குக் காரணம் கோபம் இல்லை. விடிந்த பிறகு எழுந்திருப்பது என்ற அந்த வார்த்தை அவள் உடம்பில் எங்கேயோ போய் இதமாக உட்கார்ந்துவிட்டது. வெயில் முகத்தில் விழும்வரை படுத்திருப்பது. யாரும் "ஆ" என்று கூப்பிடாத, கூப்பிட்டாலும் வேறொருத்தி எழுந்து போகிற ஒரு காலை. பேருந்தில் வரும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். அப்புறம்தான் சின்னவள் முகம் ஞாபகம் வந்தது. சின்னவள் ஒருமுறை மாடிப்படியில் உட்கார்ந்து சொல்லியிருந்தாள்: "அக்கா, இங்க வந்து உக்காந்து கண்டவங்க கொடியைப் பார்க்கிறதுனாலதான் நான் மனுஷியா இருக்கேன். அந்த அறைக்குள்ளயே நாள் முழுக்கக் கெடந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்."

பெரியவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைத் திறந்தாள்.

ஏதோ விளையாட்டு மைதானம். ஒரு தடித்த ஆள் கையை நீட்டித் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம். அவன் தலைக்குப் பின்னால் ஒரு கம்பித் தடுப்பு, அதில் கட்டியிருந்த கொடி. இடது பக்கம் ஆரஞ்சு. அதற்கடுத்து வெள்ளை. அந்த வெள்ளை பாதியிலேயே அவன் தலைக்குள் போய் மறைந்து, மறுபக்கம் காதோரம் ஒரு கீற்றுப் பச்சையாக வெளியே வந்தது. அதற்கு அப்பால் அவனுடைய பரந்த தோள். முழு நீளமும் தெரிந்திருந்தால் அளந்தாவது பார்க்கலாம், அயர்லாந்துக் கொடி நீளம் அதிகம். அதற்கும் வழியில்லை.

ஆரஞ்சு, வெள்ளை, பச்சை. அயர்லாந்துக்கும் ஐவரி கோஸ்டுக்கும் அதே மூன்று நிறம். அயர்லாந்துக்குக் கம்பத்தின் பக்கம் பச்சை. ஐவரி கோஸ்டுக்குக் கம்பத்தின் பக்கம் ஆரஞ்சு. கம்பத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது. பின்னால் போய் நின்று பார்த்தால் அயர்லாந்து ஐவரி கோஸ்டாகிவிடும், ஐவரி கோஸ்ட் அயர்லாந்தாகிவிடும்.

முதலில் பார்த்தவள் ஜிமிக்கி. தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர். அவள் ஐவரி கோஸ்ட் என்று தட்டியிருந்தாள். குறிப்பில், 'இடப்பக்கம் ஆரஞ்சு' என்று எழுதியிருந்தாள்.

இரண்டாவதாகப் பார்த்தவள் சின்னவள். சொல்ல முடியாது என்று தட்டியிருந்தாள். 'செல்பி. சட்டையில எழுத்து திரும்பி இருக்கு. படம் கண்ணாடி மாதிரி மாறியிருக்கு. கம்பமும் தெரியல.'

பெரியவள் சட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உண்மைதான். எழுத்துகள் எல்லாம் வலமிடமாகத் திரும்பியிருந்தன. ஜிமிக்கி பார்த்த இடப்பக்கம் உண்மையில் வலப்பக்கம். அவளுக்குத் திடீரென்று சின்னவள் மேல் பெருமையாக இருந்தது. இவ்வளவு பொடிசான விஷயத்தை எப்படிப் பிடித்தாள்! அப்படித் திருப்பினால் அயர்லாந்து என்று இன்னொருத்தி அவசரப்பட்டிருப்பாள். சின்னவள் அதையும் செய்யவில்லை. கொடியை முன்னாலிருந்து பார்க்கிறோமா பின்னாலிருந்து பார்க்கிறோமா என்று தெரியாதபோது இடமாவது வலமாவது. சின்னவள் சொன்னது சரி என்று தட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம்.

அவள் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. பழக்கதோஷம், ஓரங்களையும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தாள்.

ஆரஞ்சுக்கு வெளியே, தடுப்புக் கம்பிக்கு முன்னால், ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு மேலிருந்து கீழே இறங்கியது. பின்னால் உள்ள சுவரோ என்று முதலில் நினைத்தாள். சுவர் சாம்பல் நிறமாக இருந்தது. துணி வளைகிற இடத்தில் அந்த வெள்ளைக் கோடும் கூடவே வளைந்தது. அப்படியானால் அது கொடியோடு சேர்த்துத் தைத்தது. மேல் முனையில், அந்த வெள்ளைக்குள், ஒரு மஞ்சள் புள்ளி. அதற்குள் இருட்டாக ஒரு துளை.

பித்தளை வளையம். கயிறு கோக்கிற வளையம். கம்பத்தின் பக்கத்தில்தான் தடித்த வெள்ளைப் பட்டை வைத்துத் தைத்து, அதில் வளையம் அடிப்பார்கள். நாலு மூலையிலும் வளையம் அடித்த கொடியும் உண்டுதான். ஆனால் பறக்கிற பக்கத்துக்கு யாரும் தடித்த பட்டை வைத்துத் துணியைப் பாழாக்க மாட்டார்கள். பட்டை ஆரஞ்சோடு ஒட்டியிருந்தது. படம் திரும்பியிருந்தால் என்ன, பின்னாலிருந்து பார்த்தால் என்ன, ஆரஞ்சோடு ஒட்டிய பட்டை ஆரஞ்சோடுதான் ஒட்டியிருக்கும். ஐவரி கோஸ்ட்.

ஜிமிக்கி தப்பான காரணத்தைச் சொல்லிச் சரியான நாட்டைப் பிடித்திருந்தாள். சின்னவள் சரியான காரணத்தைச் சொல்லித் தப்பான பொத்தானைத் தட்டியிருந்தாள்.

பெரியவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை அழுத்திக்கொண்டாள். நிஜமாகவே வளையமா? நிஜமாகவே பட்டையா? காலையில் அந்த மனுஷன் சொன்னதிலிருந்து தூக்கத்தை நினைத்து எச்சில் ஊறிக்கொண்டிருக்கிறதே, அந்தத் தூக்கம்தான் அங்கே வளையத்தை வரைந்து காட்டுகிறதா? மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். இன்னும் பெரிதாக்கினால் எல்லாம் சதுரம் சதுரமாக உடைந்து போயிற்று. சின்னதாக்கினால் மறுபடி வளையம்.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். "சார், இது என்ன சொல்லுங்க."

அவர் குனிந்தார். "ஐவரி கோஸ்ட். இடது பக்கம் ஆரஞ்சு இருக்கே."

"அதை வெச்சுச் சொல்லக்கூடாது சார். படம் திரும்பியிருக்கு."

"அப்ப அயர்லாந்து." நிமிர்ந்துவிட்டார். "அம்மா, எனக்கு இன்னும் நிறைய வேலை கெடக்கு. உங்க கண்ணு மேல நம்பிக்கை வெச்சுத்தானே அந்த நாற்காலியைக் குடுத்திருக்கோம்."

நம்பிக்கை. அதைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

அவள் அந்த வளையத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து போய்ச் சின்னவளின் தோளைத் தொட்டாள். படம் தகராறில் இருக்கும்போது அதைப் பார்த்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டக்கூடாது. அது விதி. பெரியவள் இதுவரை விதியை மீறியதில்லை. மீறவும் தெம்பு வேண்டும்.

"கொஞ்சம் வா."

"என்னக்கா, மாமாவுக்கு ஏதாவது..."

"அவருக்கு ஒண்ணுமில்ல. வா."

சின்னவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். படத்தை அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகியது. விவரம் அவளுக்கும் எட்டியிருந்தது. அந்த அறையில் எதுவும் யாருக்கும் எட்டாமல் இருக்காது.

"இதுதானா அந்த ஒண்ணு? நான் சொன்னது சரிதானே அக்கா? எழுத்தைப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன். நீ பார்த்த மாதிரி இங்க யாரும் பார்த்திருக்க மாட்டாங்க." பெரியவள் மௌஸை அவள் பக்கம் தள்ளினாள். "ஆரஞ்சு ஓரத்துக்குப் போ. நான் எதுவும் சொல்லல. உனக்கு என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லு."

சின்னவள் பெரிதாக்கினாள். சின்னதாக்கினாள். மறுபடி பெரிதாக்கினாள். கீழே டயர் கடையில் ஏதோ டப்பென்று வெடித்து, யாரோ யாரையோ திட்டினார்கள். அவள் காதில் விழவில்லை.

"சுவர்" என்றாள்.

"ம்."

"சுவர் இல்ல." குரல் இறங்கிப் போயிற்று. "துணியோட சேர்ந்து மடங்குது." இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "வளையம். பித்தளை." நிமிரவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள், "நீங்க இதை எனக்குக் காட்டாம இருந்திருக்கலாமே அக்கா."

"இருந்திருக்கலாம்."

"என் பக்கமாவே போட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது."

"போட்டிருக்கலாம். எதிர்ப்பக்கமா போட்டிருந்தா, உன்னை வீட்டுல உக்கார வைக்கணும்னே போட்டேன்னு நீ நெனச்சிருப்ப. எனக்கே அந்தச் சந்தேகம் வந்துடுச்சு. அதான் கூப்பிட்டேன்."

சின்னவள் இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். ஓரகத்தியின் கண்களுக்குக் கீழே கருத்திருந்ததை அவள் தினமும் பார்ப்பவள்தான். ஆனாலும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"வேலை போகணும்னு நெனச்சீங்களா?"

"தூங்கணும்னு நெனச்சேன்" என்றாள் பெரியவள். "ரெண்டும் ஒண்ணாப் போயிடுச்சு."

சின்னவள் மௌஸை அவள் பக்கமே திருப்பித் தள்ளினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஐவரி கோஸ்ட்தான். போடுங்க" என்றாள். "போட்டுட்டு அந்தக் குண்டனைப் பார்த்தா என் சார்பா ரெண்டு வார்த்தை சொல்லுங்க. தலையைக் கொஞ்சம் நகர்த்தினா என்னவாம்?"

பெரியவள் தட்டினாள். திரை அடுத்த படத்துக்குப் போய்விட்டது. யாருடைய வாழ்க்கையிலும் ஒன்றும் நடக்காததுபோல், ஒரு குழந்தையின் கன்னத்தில் வரைந்த கொடி வந்து நின்றது.

முதல் ஷிப்ட் முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் சின்னவளைக் கூப்பிட்டு மிகவும் மெதுவாகப் பேசினார். அவள் தண்ணீர்ப் பாட்டிலையும் நாற்காலியில் போட்டிருந்த சால்வையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஜிமிக்கி வாசல்வரை போய், "நான் அடிச்சதுதான் சரின்னு எனக்கே தெரியாதுடி, சத்தியமா" என்று அழுதாள். சின்னவள் அவளைத் தேற்றிவிட்டுப் போனாள்.

வீட்டில் கணவனுக்குச் செய்தி முன்பே எட்டியிருந்தது. சாப்பாட்டுத் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டு தாராள மனதோடு சொன்னான்: "சரி விடு. நடந்தது நடந்துபோச்சு. இனிமே அப்பாவைச் சின்னவ பார்த்துப்பா. நாள் முழுக்க வீட்டுலதானே இருக்கப்போறா."

அடுப்படியில் சின்னவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பாத்திரத்தைத் தேய்க்கும் கை மட்டும் ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது.

பெரியவளுக்கு உடம்பெல்லாம் வலித்தது. சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்தால் போதும். நாளைக்கு வெயில் முகத்தில் விழும். யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். சின்னவளே சொல்ல மாட்டாள்.

"அவ பரீட்சை எழுதணும்" என்றாள். "அதுக்குப் படம் பார்த்துப் பழகணும். சாயங்காலம் அவ முறை எப்பவும் போல. காலையில அவளைக் கூப்பிடக்கூடாது."

"அப்ப காலையில யாரு? நீயேவா? நீதானே முடியல முடியலன்னு..."

"நான் ஒரு நாள். நீங்க ஒரு நாள்."

"நானா? எனக்கு மயக்கம் வருமே."

"உக்காந்துக்கிட்டே பண்ணுங்க. விழுந்தா கிட்டதான் தரை."

அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று கண்டுபிடிக்கப் பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை. கணவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"நாளைக்கு யார் முறை?" என்று கடைசியில் கேட்டான்.

"உங்க முறை."

விடிகாலையில் "ஆ" என்று சத்தம் கேட்டதும் பெரியவளின் கண் தானாகத் திறந்துகொண்டது. பக்கத்தில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தான். தூங்குகிறவன் அப்படி மூச்சைப் பிடிக்க மாட்டான். அவள் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் நீட்டி அவன் தோளில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். மறுபடி "ஆ" என்றார் மாமனார். கட்டில் கிரீச்சிட்டது. கால்கள் தரையைத் தேடின. அறையில் விளக்கு எரிந்தது. "துணி எங்க வெச்சிருக்கே?" என்று அங்கிருந்து கேட்டான். இரண்டாவது அலமாரி என்று இங்கிருந்தே சொன்னாள். "பழைய துண்டா, புதுசா?" என்றான். "வாளி எங்க?" என்றான். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே கிடந்ததில் அவளுக்குத் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. முதுகு படுக்கையில் கிடந்தது, அது போதும் என்றிருந்தது.